கோபமா, அவசரமா? எழுத்துப்பிழையை வைத்துப் பிரித்தறிவது எப்படி

"பணம் வரல" என்று ஒருவர் தங்கிலீஷில் தட்டியனுப்பிய இரண்டு செய்திகள் கீழே. எது கோபம்?

```
bILL NO 48213. REFUND INNUM VARALA. eppo varum
```

```
bill no 48213. 3 thadava sollitten. INNUM refnud varala!!
```

முதலாவதில்தான் பெரிய எழுத்து அதிகம், ஆனால் கோபம் இரண்டாவதில் இருக்கிறது.

முதல் வேலை, அதே ஆள் முன்பு அனுப்பிய நாலைந்து செய்திகளைப் பார்ப்பது. எப்போதுமே பெரிய எழுத்தில் அடிப்பவர் என்றால் அந்தத் தடயத்தை ஒதுக்கிவிடுங்கள். பழைய செய்தி இல்லையென்றால் முடிவை அரைகுறையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரிய எழுத்து. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். முதல் செய்தியின் `bILL` என்ற சொல்லில் முதல் எழுத்து மட்டும் சிறியது. விண்டோஸில் கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்தினால் இப்படித் தலைகீழாக விழும். பாதியில் கவனித்து அணைத்திருக்கிறார், அதனால்தான் கடைசி இரண்டு சொற்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. திரும்ப அடிக்க நேரமில்லை, அவ்வளவுதான். இரண்டாவதில் `INNUM` மட்டும் பெரியது. ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக்க ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டும், அல்லது கேப்ஸ் லாக்கைப் போட்டு அணைக்க வேண்டும். போனில் என்றால் ஷிஃப்ட்டை இருமுறை தட்டி, பிறகு அணைக்கவும் வேண்டும். கை தவறி இது நடப்பது அரிது. `!!` அப்படியே, கேப்ஸ் லாக் ஆச்சரியக்குறி போடாது, ஷிஃப்ட் வேண்டும்.

(பின்சேர்க்கை: மேக்கில் கேப்ஸ் லாக்கோடு ஷிஃப்ட் அழுத்தினாலும் பெரிய எழுத்துதான் வரும் என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். சரிதான். ஆகவே `bILL` இருந்தால் தடயம். இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.)

இனி பிழைகள். `refnud` என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது, விரல் வேகத்தின் வேலை. அதற்கும் மனநிலைக்கும் சம்பந்தமில்லை. பில் எண்ணைச் சரியாக அடித்திருக்கிறார் பாருங்கள். பக்கத்து எழுத்து விழுவதும், ஆட்டோகரெக்ட் சம்பந்தமில்லாத சொல்லைச் செருகுவதும் இதே ரகம். தமிழ் எழுத்தில் வந்தால் ல, ள, ழ குழப்பத்தை அவசரக் கணக்கில் எழுதாதீர்கள். ஒரே சொல் எல்லா இடத்திலும் தவறாக இருந்தால் அவருக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலே அதுதான். ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் தவறு என்றால்தான் கை தவறியது.

செய்தியை ஒரு செயலியில் ஒட்டிப் பார்ப்பதானால், பிழை திருத்தும் வசதியை அணைத்துவிட்டுப் பார்ப்பதே மேல். சிவப்புக் கோடுகள் எல்லாப் பிழையையும் ஒரே மாதிரி காட்டிக் கண்ணை ஏமாற்றும்.

ஒரு பிழைகூட இல்லாத செய்தியிலும் கோபம் இருக்கலாம். வழக்கமாகப் புள்ளியே வைக்காமல் கிறுக்குபவர் திடீரென்று முழு வாக்கியங்களில், முற்றுப்புள்ளியோடு எழுதினால், அனுப்புமுன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோட்டிருக்கிறார். அதற்கு முதலில் பதில் போடுங்கள்.