பழைய பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டு லெட்டர் எழுதுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழமாசி வீதியில பருப்பு மண்டி வச்சிருக்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பார்ட்னர்ஷிப் ஃபர்ம், வேற பேங்க்ல லோனுக்கு போட்டிருந்தாங்க. அங்க இருந்து "மூணு வருஷ ஸ்டேட்மெண்ட், பேங்க்ல சர்ட்டிஃபை பண்ணி வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. தம்பி 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி பிராஞ்ச்சுக்கு போயி ஒரு வெள்ளைத்தாள்ல "கடைசி மூணு வருட ஸ்டேட்மெண்ட் தேவைப்படுகிறது, சீல் வைத்துத் தரவும்"னு எழுதிக் குடுத்தாரு. கேட்டது அப்படியே கிடைச்சுது. 2022 ஆகஸ்ட் 12ல இருந்து 2025 ஆகஸ்ட் 12 வரைக்கும், ஒவ்வொரு தாள்லயும் வட்ட சீல். ஆனா ஒரு ஃபைலுக்கும் அது ஆகல. ஏன்னு ஒவ்வொண்ணா பாப்போம், ஏன்னா எங்க ஆடிட்டர் ஆபீஸ்க்கு வர்ற பத்து பேர்ல முக்கால்வாசி பேரு இதே மாதிரி லெட்டர்தான் குடுத்துட்டு வர்றாங்க.

முதல் கோளாறு "கடைசி மூணு வருஷம்"ங்கிற வார்த்தை. லோன் குடுக்கிற பேங்க்கும் ஆடிட்டரும் பேசுறது நிதியாண்டு கணக்கு, ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31. கவுண்டர்ல இருக்கவங்க இன்னைக்கு தேதியில இருந்து பின்னாடி எண்ணி டைப் பண்ணிடுவாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. அண்ணன் தம்பி கேஸ்ல 2022 ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் 11 வரைக்கும் நாலு மாசத்துக்கு மேல காணோம், அதனால 2022-23 பேலன்ஸ் ஷீட்ல இருக்க ஆரம்ப இருப்பை எதோடயும் ஒத்துப் பாக்க முடியல. லெட்டர்ல தேதியை தேதியாவே எழுதுங்க: "01.04.2022 முதல் 31.03.2025 வரை, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாக, ஆரம்ப இருப்பு மற்றும் இறுதி இருப்பு தெரியும்படி". தனித்தனியா கேக்குறது எதுக்குன்னா, ஆடிட் ஃபைல் வருஷத்துக்கு ஒண்ணு, மூணு வருஷத்தையும் ஒரே கட்டா குடுத்தா நீங்கதான் ஜெராக்ஸ் எடுத்து பிரிக்கணும், அப்ப சர்ட்டிஃபிகேட் இருக்க கடைசி தாள் ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் போகும்.

மார்ச் 31ல நிறுத்துறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இவங்க 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை தூத்துக்குடி பார்ட்டிக்கு 1,85,000 ரூபாய்க்கு செக் எழுதியிருக்காங்க, அது ஏப்ரல் 3தான் கிளியர் ஆச்சு, நடுவுல ஞாயிறு, ரம்ஜான், ஏப்ரல் 1 பேங்க்ல வருஷக் கணக்கு முடிக்கிற நாள்னு எல்லாம் சேந்துக்கிச்சு. இவங்க புஸ்தகத்துல மார்ச் 31 இருப்பு 4,12,600, பேங்க்ல 5,97,600. வித்தியாசம் சரியா அந்த செக்தான், ஆனா மார்ச் 31ல ஸ்டேட்மெண்ட் முடிஞ்சா செக் உண்மையிலேயே பாஸ் ஆச்சான்னு காட்ட கையில ஒண்ணும் இருக்காது. அதனால ஆடிட்டுக்கு கேக்குறப்ப கடைசி வருஷத்துக்கு பின்னாடி ஏப்ரல் மாசத்தையும் தனியா கேட்டு வாங்கிருங்க, மார்ச் கடைசியில எழுதின செக் நிறைய இருந்தா மே, ஜூன் வரைக்கும்கூட போகலாம், ஏன்னா செக்குக்கு ஆயுசு மூணு மாசம்.

அடுத்தது அக்கவுண்ட் நம்பர். இப்ப பாஸ்புக்ல இருக்க நம்பரை மட்டும் எழுதுறது பழைய ஸ்டேட்மெண்ட்டுக்கு பத்தாது. நம்ம பக்கத்துலயே பாருங்க, பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேந்து 2019 ஏப்ரல் 1ல தமிழ்நாடு கிராம வங்கி ஆச்சு. சிண்டிகேட் பேங்க் கனரா பேங்க்கோட 2020 ஏப்ரல் 1ல சேந்துச்சு, அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க்கோட அதே நாள், லக்ஷ்மி விலாஸ் பேங்க் டிபிஎஸ்க்கு போனது 2020 நவம்பர்ல. இந்த மாதிரி இணைப்பு நடந்து கம்ப்யூட்டர் சிஸ்டம் மாறுறப்ப சில அக்கவுண்ட்டுக்கு நம்பரே மாறியிருக்கும். பேங்க் சேந்த தேதியும் சிஸ்டம் மாறின தேதியும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, பல மாசம் கழிச்சுகூட மாத்துவாங்க. இது ஸ்டேட்மெண்ட்லயே தெரியும்: நீங்க கேட்ட தேதியில ஆரம்பிக்காம, ஏதோ ஒரு மாசத்து நடுவுல ஒரே வரியில ஒரு பெரிய தொகை வரவாகி அதுக்கு விவரம் "இருப்பு கொண்டுவரப்பட்டது"ங்கிற மாதிரி மட்டும் இருந்தா, அதுக்கு முந்தின கணக்கு பழைய நம்பர்ல படுத்துக் கிடக்குன்னு அர்த்தம். அந்த வரியை வரவுன்னு நெனச்சு டர்ன்ஓவர்ல கூட்டிட்டா வேற வினை. பழைய நம்பரை பழைய பாஸ்புக் முதல் பக்கத்துலயோ, மிச்சம் இருக்க செக் தாள்லயோ தேடி எடுத்து, ரெண்டு நம்பரையும் லெட்டர்ல எழுதி, "பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கணக்கிற்குரியவை என உறுதிசெய்து தரவும்"னு ஒரு வரி சேத்துருங்க. இந்த ஒரு வரி இல்லாம ரெண்டு ஸ்டேட்மெண்ட்டை கொண்டுபோனா, இது வேற யாரோட அக்கவுண்ட்னு லோன் ஆபீசர் கேப்பாரு, கேக்கவும் செய்யணும்.

லோன் அக்கவுண்ட்டும் அப்படித்தான், அதுக்கு தனி நம்பர். இந்த மண்டிக்காரங்களுக்கு குடோன் கட்ட வாங்கின டெர்ம் லோன் ஒண்ணு 2023 டிசம்பர்ல முடிஞ்சிருந்துச்சு. கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்ல மாசாமாசம் தவணை போனது மட்டும்தான் தெரியும், அதுல வட்டி எவ்வளவு அசல் எவ்வளவுன்னு இருக்காது, ஆடிட்டருக்கு வேண்டியதே அந்தப் பிரிப்புதான். முடிஞ்ச அக்கவுண்ட்டை நீங்களா பேர் சொல்லி கேக்கலைன்னா யாரும் தேடித் தரமாட்டாங்க. லோன் நம்பரை எழுதி, முடிச்ச நாள் வரைக்கும், இருப்பு ஜீரோ ஆன கடைசி வரி தெரியிற மாதிரி கேளுங்க. புது லோன் குடுக்குற இடத்துல முதல்ல தேடுறது அந்த ஜீரோவைத்தான்.

இப்ப சீலுக்கு வருவோம், பெரிய குழப்பம் இங்கதான். வட்ட சீல் குத்தினா சர்ட்டிஃபைட் காப்பி ஆயிடாது. யாரு கையெழுத்து போட்டாங்கன்னு தெரியணும்: பேரு, பதவி, தேதி, பிராஞ்ச் பேரு. அதோட "இது வங்கியின் கணக்கில் உள்ளபடி உண்மையான நகல்"ங்கிற மாதிரி ஒரு வாசகம் வேணும். தம்பி வாங்கிட்டு வந்த கட்டுல சீலுக்கு மேல ஒரு கிறுக்கல் இருந்துச்சு, அது மேனேஜரா கேஷியரான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. லோன் ஃபைலுக்கும் சாதாரண ஆடிட்டுக்கும் எல்லா பக்கத்துலயும் சீலும் சுருக்கொப்பமும், கடைசி பக்கத்துல முழு கையெழுத்தும், பக்கம் மொத்தம் எத்தனைங்கிறதும் இருந்தா பெரும்பாலும் போதும்.

கோர்ட்டுக்கு போற கேஸ்னா கதை வேற. 1891ஆம் வருஷத்து பேங்கர்ஸ் புக்ஸ் எவிடென்ஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு, நகலோட அடியில என்னென்ன எழுதணும்னு அதுலயே சொல்லியிருக்கு: பேங்க் வழக்கமா வச்சிருக்க புஸ்தகத்துல உள்ள பதிவு, வழக்கமான வேலை நடக்குறப்ப எழுதினது, அந்தப் புஸ்தகம் இன்னும் பேங்க் வசம் இருக்கு, இப்படி. கம்ப்யூட்டர் பிரிண்ட்னா 2ஏ பிரிவுப்படி மேனேஜர் சர்ட்டிஃபிகேட்டோட, கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு பொறுப்பா இருக்கவங்க சர்ட்டிஃபிகேட்டும் சேத்து வேணும். இதைப் படிச்சிட்டு லோனுக்கும் இதையே கேக்கலாம்னு சில பேரு நெனைக்கிறாங்க, அது வேண்டாத வேலை, சிஸ்டம் சர்ட்டிஃபிகேட் பிராஞ்ச்ல இருந்து மேல போயி வரணும், லோன் அதுக்குள்ள ஆறிப்போயிடும். எதுக்கு வேணும்ங்கிறதை லெட்டர்லயே எழுதிட்டா அவங்களுக்கும் எந்த மாதிரி குடுக்கணும்னு தெரியும்.

யாரு கேக்குறாங்கங்கிறதும் முக்கியம். அக்கவுண்ட் "சேர்ந்து கையெழுத்து"ன்னு இருந்தா லெட்டர்லயும் ரெண்டு பேரும் போடுறதுதான் பாதுகாப்பு, ஃபர்ம்னா லெட்டர்ஹெட்ல, பார்ட்னர்ங்கிற சீலோட. கடைப் பையனை அனுப்புனா அவன் பேரையும் அவன் கையெழுத்தையும் மேலொப்பம் பண்ணி ஒரு ஆத்தரைசேஷன் குடுத்தனுப்புங்க, இல்லாட்டி அவன் போயி நின்னுட்டு திரும்பி வருவான்.

கடைசியா அவங்க எழுதிக் குடுத்த ரெண்டாவது லெட்டர்ல நடுப்பகுதி இப்படி இருந்துச்சு, வேணும்னா மாத்தி எழுதிக்கோங்க:

"எங்கள் நிறுவனத்தின் நடப்புக் கணக்கு (புதிய எண் …, பழைய எண் …) மற்றும் முடிக்கப்பட்ட டெர்ம் லோன் கணக்கு (எண் …) ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட ஸ்டேட்மெண்ட், கடன் விண்ணப்பம் மற்றும் தணிக்கைக்காகத் தேவைப்படுகிறது. நடப்புக் கணக்கிற்கு 2022-23, 2023-24, 2024-25 நிதியாண்டுகளுக்குத் தனித்தனியாகவும், அத்துடன் 01.04.2025 முதல் 30.04.2025 வரையும், லோன் கணக்கிற்கு 01.04.2022 முதல் முடித்த நாள் வரையும் வேண்டும். செக் எண், முழு விவரம், ஒவ்வொரு வரிக்கும் இருப்புத் தொகை ஆகியவை தெரிய வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் சீலும், இறுதிப் பக்கத்தில் அதிகாரியின் பெயர், பதவி, தேதியுடன் கையொப்பமும் வேண்டுகிறோம். இதற்கான கட்டணத்தை எங்கள் கணக்கில் பற்று வைத்துக்கொள்ளவும்."

கட்டண வரியை விட்டுறாதீங்க. பழைய ஸ்டேட்மெண்ட்டுக்கு பேங்க்குக்கு பேங்க் ஒரு ரேட்டு, அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதை யாரு கட்டுறதுன்னு எழுதாததாலயே லெட்டர் டிரேல தூங்கும். ரெண்டு காப்பி எடுத்துட்டு போயி ஒண்ணுல தேதி போட்டு ரிசீவ்டு சீல் வாங்கிக்கோங்க.

ரொம்பப் பழசுன்னா ஒரு எல்லை இருக்கு. 1985ல வந்த ரெக்கார்டு பாதுகாப்பு விதிப்படி பேங்க் லெட்ஜர்களை குறைஞ்சது எட்டு வருஷம் வச்சிருக்கணும். அதுக்கு மேலயும் சிஸ்டத்துல பல நேரம் இருக்கும், ஆனா கட்டாயம் இல்ல. "இல்ல"ன்னு வாயால சொன்னா அதோட வந்துறாதீங்க, "இந்தக் காலத்து ரெக்கார்டு எங்ககிட்ட இல்லை"ன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க, ஆடிட்டர் ஃபைல்ல அந்த லெட்டரை வச்சுத்தான் வேற வழி பாக்க முடியும்.

கட்டு கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராம ஒரு பக்கத்தோட கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தோட முதல் வரியும் ஒத்துப்போகுதான்னு புரட்டிப் பாருங்க. பிரிண்டர்ல தாள் சிக்கி ஒரு பக்கம் விட்டுப்போறது சர்வ சாதாரணம். கடைசி பக்கத்துல 31.03 இருப்பு இருக்கா, பான் கார்டுல இருக்க மாதிரியே ஃபர்ம் பேரு இருக்கான்னும் பாத்துக்கோங்க. எழுத்துல கம்ப்ளைண்ட் குடுத்தும் 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல வந்த பதில் திருப்தி இல்லைன்னா, ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in வழியா காசு செலவில்லாம போடலாம், அங்க முதல்ல கேக்குறது நீங்க பேங்க்ல குடுத்த கம்ப்ளைண்ட் காப்பியும் தேதியும்தான்.