நோட்டீஸ், ஷெட்யூல், விதிமுறை: க்ளைமில் எது செல்லும்?

மருத்துவக் காப்பீடு எடுத்தால் மூன்று காகிதங்கள் கைக்கு வரும்: ஏஜென்ட் தந்த வண்ண நோட்டீஸ், நம் பெயர் போட்ட ஷெட்யூல், பொடி எழுத்தில் முழு விதிமுறைகள். மூன்றில் எது நமக்குச் சாதகமோ அது செல்லும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

சென்னிமலையில் தறி ஓட்டும் ஒருவர் 5 லட்சத்துக்கு பாலிசி எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸில் 'எந்த அறையிலும் தங்கலாம்' என்று இருக்கிறது. அது அதே பாலிசியின் விலை கூடிய பிளானுக்கு. ஷெட்யூலில் அறை வாடகை உச்சவரம்பு நாளுக்கு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். கோவையில் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார். "பன்னெண்டாயிரம் தானுங்க வித்தியாசம், நானே கட்டிக்கறனுங்க" என்கிறார்.

அங்கேதான் இடிக்கிறது. அறை வாடகை 32,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் 80,000, மருந்து 40,000 என மொத்தம் 1,52,000 ரூபாய் பில். வரம்பை மீறிய அறை எடுத்தால் டாக்டர், தியேட்டர் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறையும் என்று விதிமுறையில் இருக்கும். எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் 80,000-க்கு 50,000 தான் வரும். மருந்துக்கு இந்த வெட்டு கிடையாது. ஆக 20,000, 50,000, 40,000 சேர்த்து 1,10,000. கைக்காசு 42,000.

இங்கே ஷெட்யூலும் விதிமுறையும் மோதவில்லை. வரம்பு எவ்வளவு என்பதை ஷெட்யூல் சொல்கிறது, மீறினால் என்ன ஆகும் என்பதை விதிமுறை சொல்கிறது. நிஜமாகவே முரண்பட்டால், உதாரணமாக விதிமுறையில் 1 சதவீதம், உங்கள் ஷெட்யூலில் 'தனி ஏசி அறை' என்றிருந்தால், உங்களுக்கென்று எழுதிய ஷெட்யூலைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு பாலிசியைத் திருத்தி நிறுவனம் எழுதித் தரும் என்டார்ஸ்மென்ட் போட்டிருந்தால், அந்த விஷயத்தில் அது ஷெட்யூலையும் மாற்றிவிடும். ஷெட்யூலில் அறை வாடகைக்கு நேரே 'விதிமுறைகளின்படி' என்று மட்டும் இருந்தால், வரம்பே இல்லை என்று அர்த்தமில்லை. விதிமுறையைப் புரட்டித்தான் ஆக வேண்டும். விதிமுறை வாசகமே இரண்டு விதமாகப் பொருள்படும்படி இருந்தால், பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கூடவே வரும் வாடிக்கையாளர் தகவல் தாளை நம்பியும் வாதாட முடியாது. முரண்பட்டால் பாலிசி ஆவணமே செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

அதற்காக நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் 'எல்லா ரூமும் கவர் ஆகுமுங்க' என்று அனுப்பியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒப்பந்தம் அல்ல, ஆனால் தவறாகச் சொல்லி விற்றார்கள் என்பதற்குச் சாட்சி. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸையும் ஷெட்யூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாததை நிறுவனத்துக்கு மெயிலில் எழுதி, திருத்தி என்டார்ஸ்மென்ட் கேளுங்கள். மறுத்தால், அந்த 30 நாளுக்குள்ளேயே பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக பிரீமியம் திரும்ப வரும்.