மாதிரி நேர்காணல் செயலியில் ஒரே கேள்வியை வைத்துப் பயிற்சி செய்வது எப்படி?

முதல் வேலைக்கு முயல்பவர்கள் மாதிரி நேர்காணல் செயலியைத் திறந்ததும் இருபது, முப்பது கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிட்டு, இறுதியில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்தோ சோர்ந்தோ மூடிவிடுகிறார்கள். அந்த மதிப்பெண் எதிலிருந்து வந்தது என்று தெரியாதவரை அதனால் பயன் அதிகமில்லை. எனவே இங்கே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கான பதிலைச் செயலியின் உதவியோடு மூன்று நாட்களில் எப்படித் திருத்துவது என்பதை மட்டும் படிப்படியாக எழுதுகிறேன்.

செயலிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். கூகுள் 2022இல் வெளியிட்ட இன்டர்வியூ வார்மப் நம் பேச்சை எழுத்தாக மாற்றி, எந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னோம், வேலை தொடர்பான சொற்கள் எத்தனை வந்தன என்று காட்டும்படி அமைக்கப்பட்டது. மதிப்பெண் போடுவது அதன் நோக்கமன்று. யூட்லி போன்றவை பேச்சின் வேகம், "ம்ம்" போன்ற இடைநிரப்புச் சொற்கள், கேமராவைப் பார்த்தோமா என்பது வரை கணக்கிடுகின்றன. பதிலையும் வேகத்தையும் கணக்கிடும்போது இரண்டு வகைகளுமே பேச்சை எழுத்தாக்கிய பிரதியிலிருந்துதான் தொடங்குகின்றன. பிரதி தவறானால் அதன்மேல் எழும் கணக்குகளும் தவறாகும்.

படி 1: முதலில் செயலியைச் சோதியுங்கள்

நேர்காணல் எந்த மொழியில் நடக்குமோ அந்த மொழியில், எண்ணிப் பார்த்த 150 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செயலியில் சத்தமாகப் படியுங்கள். படிக்க ஆன நேரத்தைக் கைப்பேசியில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 64 விநாடிகள் ஆனதாக வைத்துக்கொண்டால், நிமிடத்திற்குச் சுமார் 140 சொற்கள் என்று செயலி காட்ட வேண்டும். அது 125 என்று காட்டினால் பிரதியைத் திறந்து பாருங்கள். சொற்கள் விடுபட்டிருந்தால் மைக் தொலைவில் இருக்கிறது அல்லது அறை எதிரொலிக்கிறது என்று பொருள். எல்லாச் சொற்களும் சரியாக இருந்தால், பொத்தானை அழுத்திய பிறகு நீங்கள் பேசாமல் இருந்த எட்டு விநாடிகளையும் அது சேர்த்து எண்ணியிருக்கிறது.

இதே சோதனையில் வேண்டுமென்றே ஐந்து முறை "ம்ம்" என்று இழுத்துவிட்டு, பிரதியில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பல, இத்தகைய ஒலிகளைத் தாமாகவே நீக்கிவிடும். அப்படிப்பட்ட செயலி உங்களுக்கு "இடைநிரப்புச் சொற்கள்: பூஜ்யம்" என்று சான்றிதழ் கொடுத்தால், பதிவை நீங்களே கேட்டு எண்ணுவதுதான் வழி. ஆங்கிலத்திற்காக வடிவமைத்த செயலிக்கு, தமிழில் வரிக்கு வரி நாம் நுழைக்கும் "வந்து" ஓர் இடைநிரப்பு என்பது தெரிய வாய்ப்பில்லை.

படி 2: திருத்தாத முதல் பதிவு

நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி, "உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் உங்கள் பங்கு என்ன?" என்பது. குறிப்பு எதுவும் பார்க்காமல், ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள். தடுமாறினாலும் நிறுத்த வேண்டாம்.

இங்கே ஒரு விதியை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நாளும் எடுக்கும் முதல் பதிவை மட்டுமே மற்ற நாட்களின் முதல் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். தொடர்ந்து பத்து முறை பதிவு செய்தால் பத்தாவது நிச்சயம் நன்றாக இருக்கும், ஆனால் நேர்காணலில் பத்தாவது முறை என்று ஒன்று கிடையாது.

படி 3: மதிப்பெண்ணை மூடிவைத்துப் பிரதியைப் படியுங்கள்

நான் பயிற்சிக்கு உதவிய ஒரு மாணவி, இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் சொன்ன முதல் பதிலின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"எங்கள் ப்ராஜெக்ட் ஒரு நூலக நினைவூட்டல் செயலி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்தோம். நாங்கள் டேட்டாபேஸ் வைத்தோம், லாகின் வைத்தோம், நினைவூட்டல் வைத்தோம். நன்றாக வந்தது. பேராசிரியர்களும் பாராட்டினார்கள் என்று நான் நினைக்கிறேன்."

முழுப் பிரதியிலும் "நாங்கள்" 11 முறை வந்திருந்தது. "நான்" ஒரே முறைதான் வந்தது, அதுவும் "நான் நினைக்கிறேன்" என்பதில். கேள்வி கேட்டதோ "உங்கள் பங்கு". செயலி இதைக் கண்டுபிடிக்கவில்லை. டேட்டாபேஸ், லாகின் முதலிய தொழில்சொற்கள் இருந்ததால் உள்ளடக்கத்திற்கு நல்ல மதிப்பீடே தந்திருந்தது. நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பதிலைக் கேட்டால், மற்ற மூவர்தான் வேலை செய்தார்களோ என்ற ஐயமே முதலில் எழும்.

ஆகவே பிரதியில் "நான்" என்று தொடங்கி ஒரு செயலில் முடியும் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கையும் இந்த வரிசையில் வைத்துப் பதிலைக் கட்டுங்கள். நேரத்தில் பாதிக்குமேல் செயலுக்குப் போக வேண்டும். அந்த மாணவியின் பதில் இப்படி மாறியது:

"புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதி மறந்துபோவதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். நால்வரில், டேட்டாபேஸும் நினைவூட்டல் அனுப்பும் பகுதியும் என் பொறுப்பு. புத்தகத்தை நீட்டித்து எடுத்தவர்களுக்குப் பழைய தேதிக்கு ஒன்று, புதிய தேதிக்கு ஒன்று என்று இரண்டு நினைவூட்டல்கள் போயின. நீட்டிக்கும்போது பழைய நினைவூட்டல் ரத்தாகாததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, தேதி மாறுவதும் பழைய நினைவூட்டல் ரத்தாவதும் ஒரே டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனில் நடக்கும்படி செய்தேன். பிறகு 12 நீட்டிப்புகளைச் சோதித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே நினைவூட்டல்தான் வந்தது."

பல செயலிகள் "மேம்படுத்திய பதில்" என்று ஒன்றை எழுதித் தருகின்றன. இவருக்கு வந்ததில் "தாமதங்களை 40 சதவீதம் குறைத்தேன்" என்று ஒரு வரி இருந்தது. அவர் தாமதத்தை அளக்கவே இல்லை. அத்தகைய வரியை மனப்பாடம் செய்துகொண்டு போனால், "எப்படி அளந்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே பதில் முழுவதும் சரிந்துவிடும். 12 சோதனைகள் சிறிய எண்தான், ஆனால் அது அவர் செய்தது.

படி 4: வேகத்தின் சராசரியை நம்பாதீர்கள்

அந்த மாணவியின் முதல் பதிவில் 75 விநாடிகளில் 210 சொற்கள், அதாவது நிமிடத்திற்கு 168. மைக்ரோசாஃப்ட் பவர்பாயின்ட்டின் பேச்சுப் பயிற்சி வசதி நிமிடத்திற்கு 100 முதல் 165 சொற்கள் வரை பரிந்துரைக்கிறது. அந்த அளவுகோலில் இது சற்றே வேகம், அவ்வளவுதான். "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று செயலியும் சொல்லி முடித்துக்கொண்டது. (இந்த எல்லைகளைத் தமிழ்ப் பேச்சுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்று, நான்கு சொற்களில் சொல்வதை "செய்துகொண்டிருந்தேன்" என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். ஆகையால் வேகமாகப் பேசினாலும் சொல் எண்ணிக்கை குறைவாகவே வரும்.)

பதிவைப் பிரித்து எண்ணியபோதுதான் உண்மை தெரிந்தது. முதல் 20 விநாடிகளில் 72 சொற்கள், அதாவது நிமிடத்திற்கு 216 என்ற வேகம். மீதி 55 விநாடிகளில் 138 சொற்கள், நிமிடத்திற்குச் சுமார் 150. இவர் பொதுவாக வேகமாகப் பேசுபவர் அல்லர். தொடக்கத்தை மனப்பாடம் செய்திருந்தார், அதை ஒப்பித்து முடித்த பிறகு யோசித்துப் பேசத் தொடங்கியதால் இயல்பான வேகத்திற்கு வந்துவிட்டார். முழுப் பேச்சையும் மெதுவாக்கியிருந்தால் பின்பகுதி இழுவையாகியிருக்கும். எனவே முதல் வாக்கியத்தை எழுதி வைக்காமல், "மறதி, நால்வர், என் பகுதி" என்று மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும், முதல் வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு எடுக்கவும் சொன்னேன். இரண்டாம் நாள் முதல் பதிவில் 80 விநாடிகளில் 187 சொற்கள் வந்தன. சராசரி சுமார் 140, தொடக்கத்திலும் பெரிய பாய்ச்சல் இல்லை.

படி 5: தன்னம்பிக்கை மதிப்பெண்ணில் எதை எடுத்துக்கொள்வது?

செயலியால் தன்னம்பிக்கையை அளக்க முடியாது. பார்வை கேமராவில் இருந்ததா, குரலில் ஏற்ற இறக்கம் உண்டா, ஒலி போதுமானதா, "என்று நினைக்கிறேன்", "இருக்கலாம்" போன்ற தயக்கச் சொற்கள் எத்தனை என்ற வெளி அடையாளங்களைக் கூட்டி, அதற்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறது. முகத்தைப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காணொளி நேர்காணல் மென்பொருள் நிறுவனமான ஹயர்வியூ, தன் மதிப்பீட்டிலிருந்து முக ஆய்வை நீக்கிவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது.

கூட்டு மதிப்பெண்ணை விட்டுவிட்டு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பார்வை: கேள்வி தெரியும் சாளரத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மற்றொன்று வாக்கியத்தின் முடிவு. தயக்கம் உள்ளவர்களின் குரல் கடைசிச் சொல்லில் அமிழ்ந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கப் பிரதியே போதும்: வாக்கியங்களின் நடுப்பகுதி சரியாகவும், கடைசி ஓரிரு சொற்கள் மட்டும் அடிக்கடி விடுபட்டோ தவறாகவோ வந்திருந்தால், மைக்குக்கே எட்டாத அந்தச் சொற்கள் எதிரில் இருப்பவருக்கும் எட்டியிருக்காது. தயக்கச் சொற்களில் எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. உறுதியாகத் தெரியாத ஒன்றுக்கு "என்று நினைக்கிறேன்" சொல்வது நேர்மை, தானே செய்த வேலைக்குச் சொல்வதுதான் பிழை.

பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, அவற்றை அழிக்க முடியுமா என்பதை அமைப்புகள் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 6: மூன்றாம் நாள், ஒரு மனிதரோடு

செயலிகளில் பெரும்பாலானவை பதில் முடியும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். நேர்காணல் எடுப்பவர் இடைமறிப்பார். எனவே மூன்றாம் நாள் முதல் பதிவின் பிரதியை ஒரு நண்பரிடம் கொடுத்து, மூன்று இடங்களில் அடிக்கோடிட்டு, "ஏன்?", "இல்லாவிட்டால்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மாணவியின் தோழி "டிரான்ஸாக்‌ஷன்" என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டு, "அது பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும்டி?" என்று கேட்டார். இவர் ஆறு விநாடி பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டுமே மாறாது. பழைய தேதியும் பழைய நினைவூட்டலும் அப்படியே இருக்கும்" என்றார். மூன்று நாட்களில் அவர் சொன்னவற்றில் இதுவே சிறந்த பதில். செயலியில் சொல்லியிருந்தால் அந்த ஆறு விநாடிக்காக வேகத்தில் மதிப்பெண் குறைந்திருக்கும்.