எழுத்தைப் பெரிதாக்கினால் பாதிப் பந்திகள் மட்டும் ஏன் பெரிதாகின்றன?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பது வழக்கம். கல்லில் வெட்டுவதல்ல, சின்ன நினைவுப் புத்தகம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவினரின் கண்ணீர் அஞ்சலி, கடைசியில் நன்றி நவிலல். இந்தப் புத்தகங்களை வேர்டில் வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரே கோப்பில் நாலைந்து பேரின் கை படும் வேலை என்பதால், ஸ்டைல் குழப்பத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒருமுறை 40 பக்கக் கல்வெட்டு முடிந்து, மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். பின்னேரம் மகன் வந்தார். "அப்பாவின்ர கூட்டாளிமார் எல்லாம் வயசான ஆக்கள் தம்பி, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கித் தாங்கோ" என்றார். பந்திகளுக்கெல்லாம் Body Text என்ற ஸ்டைல் போட்டிருந்தேன். அதன் Modify-க்குப் போய் 11ஐ 13 ஆக்கினால் ஒரு நிமிட வேலை என்று நினைத்தேன். வாழ்க்கை வரலாறு பெரிதானது. அடுத்த பக்கத்து அஞ்சலியில் முதல் பந்தி பெரிதானது, இரண்டாவது அசையவில்லை. மூன்றாவதில் இரண்டு வரி மட்டும் சின்னதாகவே நின்றது.

அந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும் புத்தி, அசையாத பந்தியைத் தெரிவு செய்து மேலே இருக்கும் பெட்டியில் 13 என்று அடிப்பது. பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் தொடக்கத்தில் பிழைத்ததும் இதே செயலால்தான். ஸ்டைல் பந்திக்கு ஒரு பொது விதி. பந்தியையோ எழுத்துகளையோ தெரிவு செய்து நேரடியாகக் கொடுக்கும் அளவு, நிறம், இடைவெளி எல்லாம் அந்த விதியின் மேல் ஒட்டிய தனிக் கட்டளை. இரண்டும் மோதினால் வேர்ட் எப்போதும் தனிக் கட்டளையைத்தான் கேட்கும். ஆகவே அந்த இரண்டாவது பந்தியில் முன்பு யாரோ கையால் 11 என்று போட்டிருக்கிறார்கள். ஸ்டைலும் 11 ஆக இருந்தவரை அது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் 13 ஆக்கிய பிறகுதான் வெளியே வந்தது. கையால் 13 போட்டுச் சமாளித்திருந்தால், மறுநாள் "12 போதும்" என்று யாராவது சொல்லும்போது அதே கூத்து திரும்பவும் நடந்திருக்கும்.

எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. பந்திக்குள் கர்சரை வைத்து Shift+F1 அழுத்தினால் வலப்பக்கம் Reveal Formatting பலகம் திறக்கும். அதன் அடியில் Distinguish style source என்ற பெட்டியில் சரி போட்டால், ஸ்டைலிலிருந்து வந்தது எது, நேரடியாக ஒட்டியது எது என்று பிரித்துக் காட்டும். எனக்கு அங்கே அளவோடு வரி இடைவெளியும் சிக்கியது. கனடாவிலிருந்து மின்னஞ்சலில் வந்த அஞ்சலியை யாரோ அப்படியே ஒட்டியிருந்தார்கள். மின்னஞ்சலின் அளவும் இடைவெளியும் கூடவே வந்துவிட்டன. ஒட்டும்போது Keep Text Only கொடுத்திருந்தால் வெறும் எழுத்து மட்டும் வந்திருக்கும்.

கழற்றுவதற்கு இரண்டு சாவிகள். Ctrl+Q பந்தியின் அமைப்பை, அதாவது இடைவெளி, ஓரம், மையப்படுத்தல் போன்றவற்றை, ஸ்டைல் சொல்வதற்குத் திருப்பும். Ctrl+Space தெரிவு செய்த எழுத்துகளின் அளவு, நிறம், தடிப்பு ஆகியவற்றைத் திருப்பும். LibreOffice Writer-இல் இரண்டுக்கும் Ctrl+M.

சரி, Ctrl+A அழுத்தி முழுக் கோப்பையும் பிடித்து இரண்டையும் தட்டிவிடலாமே என்று தோன்றும். நான் முதன்முதல் இதைக் கற்ற நாளில் அப்படித்தான் செய்தேன். மையத்தில் நின்ற தேவாரங்கள் இடப்பக்கம் ஓடிப்போயின. பட்டன் அழுத்திப் போட்ட எண்கள் மறைந்தன. தடித்த எழுத்தில் இருந்த பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மெலிந்தன. கையால் போட்டதில் வேண்டாததும் இருக்கிறது, வேண்டியதும் இருக்கிறது. கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் முதலில் வேண்டியதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். தேவாரத்துக்குப் 'பாடல்' என்று ஒரு ஸ்டைல் செய்து, மையப்படுத்தலை அதற்குள் வைத்தேன். அப்புறம் Ctrl+Q அடித்தாலும் பாடல் மையத்திலேயே நிற்கும், ஏனென்றால் அது இப்போது விதி. தடித்த பெயர்களுக்கு வேறு வழி. அளவு பிசகிய சாதாரண எழுத்தில் கர்சரை வைத்து, Home தாவலில் Select, அதற்குள் Select All Text With Similar Formatting. அதே மாதிரி அமைந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தெரிவாகும், தடித்தவை சேராது. Ctrl+Space. அடுத்ததாக ஒரு தடித்த பெயரில் கர்சரை வைத்து அதே வேலை. Ctrl+Space அடித்ததும், தெரிவு கலையுமுன், Strong என்ற எழுத்து ஸ்டைலைச் சொடுக்கினால் தடிப்புத் திரும்பிவிடும்.

இன்னொரு குறுக்குவழி பலரையும் ஏமாற்றும். பந்தியில் நின்றுகொண்டு Body Text-ஐ மறுபடி சொடுக்கினால் சில பந்திகள் திருந்தும், சில திருந்தாது. பந்தியின் பாதிக்கு மேற்பட்ட எழுத்துகளில் நேரடி மாற்றம் இருந்தால், ஸ்டைல் போடும்போது வேர்ட் அதை அழித்துவிடும். பாதிக்குக் குறைவாக இருந்தால், வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்த சொற்கள் என்று எண்ணி விட்டுவிடும். அந்த இரண்டு வரிகள் சின்னதாகவே நின்ற பந்தியில் மறுபடி சொடுக்கியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

பலகத்தில் நேரடி மாற்றம் எதுவுமே காட்டாத பந்தியும் சில நேரம் அசையாது. அப்போது ஸ்டைலின் Modify-இல் Format, Font என்று போய்ப் பாருங்கள். யூனிகோட் தமிழுக்கு அளவும் எழுத்துருவும் Complex scripts என்ற பகுதியில் தனியாக இருக்கும். மேலே இருக்கும் Latin text அளவை மட்டும் மாற்றினால் ஆங்கிலமும் எண்களும் வளரும், தமிழ் வளராது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது நேர்மாறு. பாமினிக்குக் கீழே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எனவே அது Latin text அளவுக்குக் கட்டுப்படும். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பாமினியில் அடித்துத் தருகிறார்கள். அந்தப் பந்தியில் பாமினி என்ற எழுத்துருவே ஒரு நேரடி மாற்றம். Ctrl+Space தட்டினால் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் `jkpo;` என்று நிற்கும். ஒன்றும் அழியவில்லை, Ctrl+Z போதும். ஆனால் ஸ்டைலுக்குத் திருப்புமுன் அந்தப் பந்திகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது பாமினியை எழுத்துருவாகக் கொண்ட தனிப் பந்தி ஸ்டைல் ஒன்றைப் போட வேண்டும். அந்தக் கல்வெட்டில் மாமா ஒருவரின் நாலு பக்க அஞ்சலி அப்படி வந்திருந்தது. நான் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதில் சில எழுத்துகள் பிசகியிருந்ததால் ஒரு தரம் வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது.

கழற்றி முடிக்க முக்கால் மணி நேரம் போனது. அதன் பிறகு ஸ்டைலை 13 ஆக்கியதும் எல்லாப் பந்தியும் ஒன்றாக வளர்ந்து, புத்தகம் 46 பக்கத்தில் வந்து நின்றது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நாலின் மடங்கு வேண்டும். ஸ்டைலை 12.5 ஆக்கினேன், 44க்கு இறங்கியது.