கேள்வித்தாள் கையில் இல்லாத கருத்துக்கணிப்பை அலசுவது எப்படி?

முடிவுகளைச் சொல்லும் ஒரு பத்தி மட்டும் வந்திருக்கிறது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்ற பட்டியலும் இல்லை, என்ன கேட்டார்கள் என்பதும் தெரியாது. அந்தப் பத்தியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். பயிற்சிக்காக நாமே எழுதிய பத்தி இது:

"குடியிருப்பில் 200 பேரிடம் கருத்துக் கேட்டோம். குப்பையைப் பிரித்துத் தரும் புதிய முறையை 64% பேர் வரவேற்றனர். பெண்களிடையே ஆதரவு கூடுதல்: பெண்கள் 71%, ஆண்கள் 58%."

படி 1: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

200 பேரில் 64% என்றால் 128 பேர். பெண்கள் எத்தனை பேர் என்று பத்தி சொல்லவில்லை. ஆனால் மொத்தச் சதவீதம் இரு பிரிவுகளுக்கும் நடுவில்தான் விழும். எந்தப் பக்கம் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதிலிருந்து பெண்களின் பங்கை எடுத்துவிடலாம்:

```
(64 - 58) / (71 - 58) = 0.46
```

அதாவது பெண்கள் ஏறக்குறைய 92, ஆண்கள் 108. சரிபார்க்க: 92-இல் 65 பேர் 71%, 108-இல் 63 பேர் 58%, கூட்டினால் 128. கணக்கு பொருந்துகிறது.

92 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். மூன்று சதவீதங்களும் முழு எண்ணாக்கப்பட்டவை. அரைப் புள்ளி இப்படி அப்படி நகர்ந்தாலே, பெண்கள் 77 முதல் 107 வரை எதுவாகவும் இருக்கலாம். மொத்தச் சதவீதம் இரு பிரிவுகளுக்கும் வெளியே விழுந்தால் கதை வேறு: பத்தியில் ஓர் எண் தவறு, அல்லது சொல்லப்படாத மூன்றாவது பிரிவு ஒன்று இருக்கிறது.

படி 2: '200 பேரில்' என்பதைச் சந்தேகியுங்கள்

"கருத்து இல்லை" என்றவர்களைக் கழித்துவிட்டுச் சதவீதம் போடுவது பல இடங்களில் வழக்கம். 40 பேர் அப்படிச் சொல்லியிருந்தால், 64% என்பது 160 பேரில் 102 பேர். கேட்கப்பட்ட 200 பேரில் அது 51% மட்டுமே. அப்போது படி 1-இல் கண்ட தலைக்கணக்கும் மாறிவிடும். ஆகவே எதைக் கொண்டு வகுத்தார்கள் என்று தெரியும்வரை 128 என்ற எண்ணைத் தற்காலிகமாகவே வைத்திருங்கள்.

படி 3: இடைவெளி உண்மையா?

பெண்களுக்கும் ஆண்களுக்கும் 13 புள்ளி வித்தியாசம். பெரிதாகத் தோன்றும். வேறு 200 பேரைக் கேட்டிருந்தால் தற்செயலாகவே இந்த வித்தியாசம் எவ்வளவு நகரக்கூடும் என்பதுதான் பிழை வரம்பு. அதைப் போட்டுப் பாருங்கள்:

```
1.96 * sqrt(0.71*0.29/92 + 0.58*0.42/108) = 0.13
```

வித்தியாசமும் 13 புள்ளி, பிழை வரம்பும் 13 புள்ளி. "பெண்களிடையே ஆதரவு கூடுதல்" என்று அடித்துச் சொல்ல இது போதாது. இந்தச் சூத்திரம்கூட, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் பொருந்தும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் அளித்திருந்தால், எந்தச் சூத்திரமும் அந்தச் சாய்வைக் காட்டிக்கொடுக்காது.

படி 4: வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்

"வரவேற்றனர்" என்பது பத்தியை எழுதியவரின் சொல். பதில் அளித்தவர் "பரவாயில்லை" என்பதில் டிக் அடித்திருக்கலாம். கேள்வியின் வாசகம் எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு 1992-இல் அமெரிக்க யூதக் குழுவுக்காக ரோப்பர் நிறுவனம் எடுத்த கணிப்பே சாட்சி. நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது "சாத்தியமா, சாத்தியமில்லையா" என்று கேட்டார்கள். 22% பேர் "சாத்தியம்" என்றனர். நாடே அதிர்ந்தது. "சாத்தியமில்லை", "நடக்கவே இல்லை" என்று இரண்டு எதிர்மறைகள் மோதியதில் பலர் தாங்கள் நினைத்ததற்கு நேர்மாறாகப் பதில் சொல்லியிருந்தார்கள். 1994-இல் தெளிவான வாசகத்தோடு மறுபடி கேட்டபோது அது 1% ஆனது. முதல் கணிப்பின் முடிவை ஒரு பத்தியாக மட்டும் படித்தவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை.

அதனால் அந்த வினைச்சொல்லுக்குப் பக்கத்தில், அதே எண்ணைத் தரக்கூடிய இரண்டு மூன்று கேள்விகளை நீங்களே எழுதிப் பாருங்கள். "புதிய முறை பிடித்திருக்கிறதா?", "புதிய முறைக்கு ஆட்சேபம் இல்லைதானே?", "தெரு சுத்தமாக இருக்கப் புதிய முறையை ஆதரிக்கிறீர்களா?" மூன்றுக்கும் "வரவேற்றனர்" என்றே எழுதிவிடலாம். மூன்றாவது கேள்வி பதிலையும் சேர்த்தே ஊட்டுகிறது.

படி 5: எழுதும் முறை

"64% பேர் வரவேற்கிறார்கள்" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "200 பேரிடம் எடுத்த கணிப்பில் 64% பேர் வரவேற்றதாக அறிக்கை கூறுகிறது, கேள்வியின் வாசகமும், சதவீதம் எத்தனை பேரைக் கொண்டு போடப்பட்டது என்பதும் தரப்படவில்லை." ஆண், பெண் வித்தியாசத்தைத் தலைப்பில் போட வேண்டாம்.

கணிப்பு எடுத்தவரிடம் மூலத் தரவு கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். மூன்றே மூன்று கேளுங்கள்: அந்தக் கேள்வி சொல்லுக்குச் சொல், பதில் தெரிவுகள், ஒவ்வொரு தெரிவுக்கும் எத்தனை பேர்.