பழைய ஃப்ரிட்ஜில் R600a என்று போட்டிருக்கிறதா?

ஃப்ரிட்ஜின் பின்புறம், கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். R600a என்றிருந்தால் உள்ளே குளிரூட்டும் கேஸ் ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்கு உறவுதான், ஆனால் இதில் வாசனை சேர்ப்பதில்லை. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவுதான். ஆனாலும் காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும், சின்ன அறையில் ஒரு பொறி போதும்.

தூக்கும்போது குழாய் உடைந்தாலோ, ஐஸைக் கத்தியால் குத்தி 'உஸ்' என்று கேட்டாலோ, ஜன்னலைத் திறங்கள். அங்கே சுவிட்ச், பிளக் எதையும் தொடாதீர்கள்.

மெக்கானிக் குழாயைக் கட்டரால் வெட்டி, கேஸை வெட்டவெளிக்கு விட்டு, நைட்ரஜன் ஊதிய பிறகே பிரேசிங், அதாவது தீயால் சூடாக்கிக் குழாயை ஒட்டும் வேலை, செய்யலாம். வந்ததும் தீ டார்ச்சை எடுக்கிறாரென்றால் தடுத்துவிடுங்கள். காயலான் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்: கேஸ் போனபின்னும் கம்ப்ரஸர் எண்ணெயில் கொஞ்சம் கரைந்திருக்கும்.