அப்பாருக்குத் திடீரென்று நீர் அடைத்துக்கொண்டால்: வீட்டில் என்ன பார்ப்பது, எப்போது கிளம்புவது

நம்ம ஊர்ப்பக்கம் வயதானவர்களுக்கு நீர் சரியாகப் போகவில்லை என்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சூடு பிடிச்சிருக்குங்க, ரெண்டு இளநீர் குடிங்க." எரிச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவருக்கு இது ஒத்துவரலாம். நீர் அடைத்துக்கொண்டவருக்கு இதே இளநீர் வலியைக் கூட்டிவிடும்.

ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி மெல்லப் பெருக்கும். அது சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிறது. பெருத்தால் குழாயை நெருக்கும். நின்று கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் நீர் வரும், வந்தாலும் முக்கி வர வேண்டும், தாரை மெலிந்திருக்கும், முடிந்த பிறகும் சொட்டும், ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருக்கும். இதெல்லாம் அவசரம் இல்லை. ஆனால் வயசானால் இப்படித்தான் என்று விடாமல் யூராலஜி மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் போங்கள்.

அவசரம் எப்படி வருகிறது என்பதற்கு ஒருவரை நினைத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரர். ஒரு வருடமாகவே தாரை மெலிவு. சளி பிடித்ததென்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பழனிக்குக் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய் வந்தார். வழியில் அடக்கி வைத்திருந்தார். ராத்திரி வீடு வந்து நின்றால் ஒரு சொட்டு வரவில்லை. சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்பு நீக்கும் மருந்தும் அலர்ஜி மருந்தும் சேர்ந்திருக்கும். ஒன்று சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், இன்னொன்று பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே நெருக்கிய குழாய்க்கு அதுவே போதும். மலச்சிக்கலும் சாராயமும்கூட இப்படி இழுத்துவிடும்.

முதலில் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் புரண்டுகொண்டிருப்பார். பேரன் நேராகக் கேட்கலாம்: "அப்பாரு, கடைசியா எப்பங்க ஒண்ணுக்குப் போனீங்க? நல்லாப் போச்சுங்களா, சொட்டுச் சொட்டாங்களா?" "சொட்டிட்டுத்தான் இருக்குதப்பா" என்றால் நீர் போகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும்.

அடுத்து வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மல்லாந்து படுக்கச் சொல்லி, தொப்புளுக்குக் கீழே விரல்களை மெதுவாக வையுங்கள். உருண்டையாக, விண்ணென்று மேடு தெரிந்து, தொட்டதும் "ஐயோ, போகணும் போல இருக்குது" என்றால் பை நிறைந்து நிற்கிறது. பருத்த உடம்பில் மேடு தெரியாமல் போகலாம். அப்போது வலியையும் அவஸ்தையையும் வைத்தே முடிவு பண்ணுங்கள்.

போக முடியவில்லை, வலிக்கிறது என்றால் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி வருவதற்குள் வேண்டுமானால் தண்ணீர்க் குழாயைச் சத்தம் கேட்கத் திறந்துவிட்டு ஒருதரம் உட்கார்ந்து முயற்சி செய்யட்டும். தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு எதுவும் கொடுக்காதீர்கள். வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே ஊற்றினால் பைதான் இன்னும் விரியும். வயிற்றை அமுக்கவும் கூடாது. வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக்கட்டி, கால் மரத்துப்போதல், ஆசனவாயைச் சுற்றி உணர்வில்லாமை, இதில் ஏதாவது சேர்ந்திருந்தால் போனதும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். காலும் ஆசனவாயும் மரத்துப்போனால் கோளாறு முதுகுத்தண்டில் இருக்கலாம்.

அடைத்த நீரை வடிக்க ரப்பர் குழாய் போடுவது பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டுமான வேலை இல்லை. 24 மணி நேரமும் டாக்டர் இருக்கும் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போங்கள், கோவைதான் போக வேண்டும் என்று நேரத்தை விடாதீர்கள். மரத்துப்போகும் ஜெல் தடவிக் குழாயைச் செலுத்தி, பையை வடிப்பார்கள். சாதாரணமாக 400, 500 மில்லி ஆனதுமே நமக்குப் பலமாக முட்டும். அடைத்தவருக்கு அதைவிட நிறைய வடிவது சகஜம். எவ்வளவு வடிந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும். ஒரு லிட்டரைத் தாண்டினால் சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

நீர் வடிந்ததும் மனுசர் பழையபடி பேச ஆரம்பித்துவிடுவார், "குழாயை எடுத்துருங்க, வூட்டுக்குப் போலாம்" என்பார். எடுக்க விடாதீர்கள். நெருக்கம் அப்படியேதான் இருக்கிறது. வழக்கமாக நெருக்கத்தைத் தளர்த்த டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்து, தானாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். அந்த மாத்திரையால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், கட்டிலில் உட்கார்ந்து நிதானித்து எழச் சொல்லுங்கள். அப்புறம், அவர் போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்தச் சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள்.